நடுவில் ஒரு கோடு

நான் வீடு மாறாமலேயே சென்னைக்குக் குடிவந்தவன். 2011 வரை என் விலாசம் அம்பத்தூர் நகராட்சி. அந்த வருஷம் மாநகராட்சியின் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்தார்கள். ஒரு நாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது நான் சென்னைவாசி ஆகியிருந்தேன். அதே வாசல், அதே கொசு, அதே லாரிப் புகை. அம்பத்தூர் ஏழாவது மண்டலம் என்று போர்டு மட்டும் மாறியது. (மாவட்டக் கணக்கில் 2018 வரை திருவள்ளூரிலேயே விட்டுவைத்திருந்தார்கள். அது தனிக் கூத்து.)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2001 கணக்கெடுப்பில் சென்னையின் ஜனத்தொகை 43 லட்சம் சொச்சம். 2011-ல் விரிந்த எல்லைக்கு சுமார் 67 லட்சம். இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து வருஷத்தில் 24 லட்சம் பேர் மூட்டை முடிச்சோடு சென்ட்ரலில் வந்து இறங்கிவிட்டார்கள் என்று ஒரு தலையங்கமே எழுதலாம். பழைய எல்லைக்குள் 2011-ல் எத்தனை பேர் என்று கேட்டால் விடை 46 லட்சம் சொச்சம். ஏறியது மூன்று லட்சம்தான். மீதிப் பேர் என்னைப் போல வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். எல்லைக்கோடுதான் நடந்து வந்தது.

'சென்னை' என்ற பெயர் மாறவில்லை. அந்தப் பெயருக்குள் எது அடக்கம் என்பது மாறிவிட்டது. பெயர் மாறியிருந்தால் யாராவது ஒருத்தர் சந்தேகப்பட்டு விசாரிப்பார். பெயர் அதே, அர்த்தம் வேறு என்றால் யாருக்கும் உறைக்காது. இந்த விஷயம் போன வருஷம் என் வீட்டு ஹாலுக்கே வந்தது.

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடிப் பெண் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்க்கிறாள். ஒரு காலத்தில் லேத் மெஷின் ஓடிய ஷெட்டில் இப்போது ஏ.சி. போட்டு எட்டு பேர் லேப்டாப்புடன் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்து கொடுப்பது தொழில். மாசா மாசம் ஒவ்வொரு கடைக்கும் 'உங்கள் வீடியோவை இத்தனை பேர் பார்த்தார்கள்' என்று ஒரு ரிப்போர்ட் தயாரிப்பது இவள் பொறுப்பு. நான் அதே எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால், கிராஃப் என்றால் அங்கிளுக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை.

"அங்கிள், ஒரு கிராஃப் தப்பா போட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. அதை வெச்சு ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

ஆவடியில் ஒரு ஜவுளிக்கடை. யூட்யூபில் ஷார்ட்ஸ் எனப்படும் மூன்று நிமிஷத்துக்கு உட்பட்ட குட்டி வீடியோக்கள் போடுவார்கள். புடவையை விரித்துக் காட்டி விலை சொல்வது. எடுத்துக்கொண்டிருந்தவர் ஆவடிப் பையன் ஒருவர். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எண்ணிக்கை ஏறவே இல்லை என்று முதலாளிக்குக் குறை. மார்ச் கடைசியில் 'அடுத்த மாசத்திலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, ஏப்ரல் 1 முதல் வேறொருவரை வைத்தார். ஏப்ரல் மாதம் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. 'பார்த்தியா, ஆளை மாத்தினதும் வித்தியாசம் தெரியுது' என்று முதலாளி பூரித்துப் போய்ப் புதியவருக்குச் சம்பளத்தை ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய பையனைப் பற்றி, தெரிந்த கடைக்காரர்களிடம் எல்லாம் 'அவனுக்கு வேலை தெரியாது' என்றும் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் இவள் அனுப்பிய கிராஃப்.

கடையின் நிஜ எண்களை உங்களிடம் சொல்வது முறையில்லை. விகிதம் கெடாமல் வட்டமாக்கித் தருகிறேன். பிப்ரவரியில் 2 லட்சம் வியூஸ். மார்ச்சில் 2,16,000. ஏப்ரலில் 4,60,000. மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் 113 சதவீத ஏற்றம். ரிப்போர்ட்டில் பச்சைக் கலரில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி வேறு.

"மாசக் கணக்கை விடும்மா. தினசரிக் கணக்கு இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. திரையில் போட்டாள். மார்ச் 30 வரை ஒரு நாளைக்கு 7 ஆயிரத்தை ஒட்டித் தள்ளாடிக்கொண்டு வந்த கோடு, 31-ம் தேதி திடீரென்று 15 ஆயிரத்தில் போய் நின்றது. அப்புறம் அங்கேயே தள்ளாடியது.

இந்தப் படத்தை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். வேறு ஒரு ஜென்மத்தில்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் நான் வேலை பார்த்த கம்பெனியில் 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு புஷ் கடைவோம். அரை மணிக்கு ஒரு தரம் ஐந்து பீஸ் எடுத்து அளந்து, சராசரியைச் சுவரில் மாட்டியிருக்கும் சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளி அதைத் தாண்டினால் மெஷின்காரர் பதில் சொல்ல வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து எல்லாப் புள்ளியும் மேலே ஏறிவிட்டது. நான் எழுதிக் கொடுத்தேன். மெஷின்காரருக்கு மெமோ போய்விட்டது. நல்ல வேலைக்காரர். 'சார், நான் டூலைத் தொடவே இல்லை' என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை வரை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டிருந்தோம். திங்கட்கிழமை முதல் புது டயல் கம்பரேட்டர். ஒரே பத்து பீஸை இரண்டிலும் அளந்து பார்த்தேன். பத்திலும் ஏறக்குறைய 8 மைக்ரான் வித்தியாசம். கம்பரேட்டரை ஜீரோ செய்ய வைத்திருந்த மாஸ்டர் பீஸில் பிழை. புஷ் அப்படியேதான் இருந்தது. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த மனிதர் ரிட்டயர் ஆகும் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அன்றைக்கு ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். அளக்கும் கருவி மாறினால் சார்ட்டில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் தேதி, பழைய கருவியின் நம்பர், புது கருவியின் நம்பர். கோட்டுக்கு இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் பென்சிலால் இணைக்கக் கூடாது.

அவளிடம் கேட்டேன்: "மார்ச் 31-ம் தேதி யூட்யூப்காரன் எண்ணுற முறையை மாத்தினானா?"

தேடிப் பார்த்தாள். மாற்றியிருந்தார்கள். சில நாள் முன்பே அறிவித்தும் இருந்தார்கள். இவளுக்கு வந்த நூறு மெயிலில் அது நூற்றியொன்றாவது.

விஷயம் இதுதான். அதுவரை ஒரு ஷார்ட்ஸ் வீடியோ குறிப்பிட்ட சில விநாடிகள் ஓடினால்தான் ஒரு வியூ. எத்தனை விநாடி என்பதை யூட்யூப் சொன்னதில்லை. 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. முடிந்து தானாகத் திரும்ப ஆரம்பித்தால் இன்னொன்று. நீங்கள் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது கண் முன்னால் அரை விநாடி மின்னி மறைந்த புடவையும் கணக்கில் சேரும். கடை வாசலைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் இருப்பவர்களை எல்லாம் கடைக்கு வந்தவர்கள் என்று எழுதுவது மாதிரி. இதில் மோசடி எதுவும் இல்லை. டிக்டாக், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் போன்றவை இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தன. யூட்யூபும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. எப்படி எண்ணப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றினார்கள். 'வியூஸ்' என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை.

நல்ல வேளையாகப் பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. யூட்யூப் ஸ்டுடியோவில் அனலிட்டிக்ஸ் பக்கத்தில் `Advanced mode` என்று ஒரு கதவு இருக்கிறது. அதற்குள் போனால் `Engaged views` என்ற பெயரில் பழைய விதிப்படியான எண் இருக்கிறது. விளம்பர வருமானத்தில் பங்கு கொடுப்பதற்கு யூட்யூப் இன்னமும் இந்த எண்ணைத்தான் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் பழைய படியால்தான் அளக்கிறார்கள்.

ஒரே பெயரில் இரண்டு அளவு இருந்தால் எதைப் பிடித்துக்கொள்வது? மார்ச் 30 வரை பழைய வியூஸ், 31 முதல் என்கேஜ்டு வியூஸ். இரண்டும் ஒரே விதி. அவற்றை ஒரே வரிசையாக எழுதச் சொன்னேன். பிப்ரவரி 2,00,000. மார்ச் 2,08,000. ஏப்ரல் 1,80,000.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 113 சதவீத ஏற்றம், 13 சதவீத இறக்கமாகிவிட்டது. மார்ச்சில் கூடுதலாகத் தெரிந்த 8 ஆயிரமும் கடைசி ஒரே ஒரு நாளின் வேலை. அந்த நாள் பழைய பையனுடைய கடைசி நாள். மாசக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகச் சொல்ல வேண்டும். பழைய பையன் கெட்டிக்காரர், புதியவர் மோசம் என்று இந்தப் 13 சதவீதத்தை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஏப்ரலில் பரீட்சை, வெயில், லீவு என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு மாத இறக்கம் எதையும் நிரூபிக்காது. ஏற்றம் நடக்கவே இல்லை என்பது மட்டும்தான் நிச்சயம். விதி மாறியது 31-ம் தேதி, ஆள் மாறியது 1-ம் தேதி. இரண்டு மாற்றம் அடுத்தடுத்த நாளில் வந்தால், வியூஸ் கோட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எது யாருடைய வேலை என்று பிரிக்க முடியாது. விதி மாறாத ஒரு அளவைக் கொண்டுவந்தால்தான் பிரியும்.

"இனிமே இந்த மாதிரி வந்தா எப்படி அங்கிள் கண்டுபிடிக்கறது? எல்லா மெயிலையும் படிக்க முடியாதே" என்றாள்.

மெயில் படிக்காமலே கண்டுபிடிக்கலாம். வியாபாரம் நிஜமாக வளர்ந்தால் கோடு சரிவுப் பாதை மாதிரி ஏறும். விதி மாறினால் படிக்கட்டு மாதிரி ஒரே நாளில் ஏறி அங்கேயே நிற்கும். படிக்கட்டைப் பார்த்ததும் முதலில் பழைய சரக்கைப் பாருங்கள். அந்தக் கடை போன தீபாவளிக்குப் போட்ட வீடியோக்களை யாரும் தொடவில்லை. அவையும் மார்ச் 31 அன்று ஒரே நாளில் இரண்டு பங்காகியிருந்தன. புது கேமராக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், போன வருஷ வீடியோவுக்குள் போய் எதையும் செய்ய முடியாது.

அடுத்து, சம்பந்தப்படாத சாட்சியை விசாரிக்க வேண்டும். வீடியோ பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் விலை கேட்பவர்களைக் கடைப்பெண் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். பிப்ரவரி 310, மார்ச் 320, ஏப்ரல் 305. பார்ப்பவர்கள் இரண்டு மடங்காகியிருந்தால் கேட்பவர்கள் கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டாமா? அந்த நோட்டின் விதியை அமெரிக்காவில் உட்கார்ந்து யாரும் மாற்ற முடியாது. அதனால் அது நல்ல சாட்சி.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டில் 'நூறு வியூவுக்கு எத்தனை லைக்' என்று ஒரு கணக்கு உண்டு. பிப்ரவரியில் 8 ஆயிரம் லைக், அதாவது நூற்றுக்கு 4. ஏப்ரலில் 7 ஆயிரம் லைக்கை 4,60,000-ஆல் வகுத்து நூற்றுக்கு ஒன்றரை என்று சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தாள். ஒரே ரிப்போர்ட்டில் மேலே பச்சை, கீழே சிவப்பு. இரண்டும் பொய். என்கேஜ்டு வியூஸால் வகுத்தால் 3.9. கிட்டத்தட்ட எதுவுமே நடக்கவில்லை. வகுக்கிற எண்ணின் விதி மாறினால், அதை அடியில் வைத்துப் போட்ட எல்லாச் சதவீதமும் சேர்ந்து கெடும். ஒரு வியூவுக்கு ஆன செலவும் இப்படித்தான். பாதியாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

"அப்ப பழைய மாசங்களை எல்லாம் ரெண்டரையால பெருக்கிப் புது கணக்குக்குக் கொண்டுவந்துடட்டுமா?" என்றாள். ஏப்ரலில் 1,80,000-க்கு 4,60,000 என்பதால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

வேண்டாம் என்றேன். என் கம்பரேட்டரில் பத்து பீஸிலும் ஒரே 8 மைக்ரான் வந்தது. அதனால் கழித்துக்கொள்ள முடிந்தது. இங்கே அந்த இரண்டரை நிலையாக நிற்காது. முதல் இரண்டு விநாடியில் ஆளை நிறுத்திவைக்கிற வீடியோவுக்கு அது குறையும், எல்லாரும் தள்ளிவிட்டுப் போகிற வீடியோவுக்கு ஏறும். மார்ச் 31 அன்றே பழைய பையனின் வீடியோக்களுக்கு அது இரண்டேகால்தான் இருந்தது. புதியவரின் விகிதத்தால் பழையவரின் மாதங்களைப் பெருக்கினால் கற்பனைக் கணக்காகிவிடும். புது அளவைப் பின்னால் தள்ளுவதை விடப் பழைய அளவை முன்னால் இழுத்துக்கொண்டு வருவது உத்தமம், அது கிடைக்கிற வரையில்.

கிடைக்காமல் போவதும் உண்டு. வலைத்தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் 'பவுன்ஸ் ரேட்' என்று ஒன்று இருக்கிறது. பழைய முறையில், ஒருவர் வந்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வேறெதையும் தொடாமல் போனால் அவர் 'பவுன்ஸ்'. பத்து நிமிஷம் உட்கார்ந்து கட்டுரை முழுதும் படித்திருந்தாலும் அப்படித்தான். புது முறையில் பத்து விநாடிக்கு மேல் தங்கினாலே அவர் பவுன்ஸ் இல்லை. பெயர் அதே, விதி வேறு. பழைய முறை 2023 ஜூலை 1-ல் எண்ணுவதை நிறுத்தியது. அடுத்த வருஷம் ஜூலையில் பழைய கணக்கைப் பார்க்கும் வழியையும் மூடிவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே இரண்டையும் சில மாதங்கள் ஒன்றாக ஓடவிட்டு, இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் தங்கள் தளத்தில் என்ன வித்தியாசம் என்று தெரியும். நான் பத்து பீஸை இரண்டு கருவியிலும் அளந்த அதே வேலை. பழைய கருவியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்ட பிறகு அதைச் செய்ய முடியாது.

சரி, ரிப்போர்ட்டில் எப்படிக் குறிப்பது? ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து சரிசெய்தோம். நடுவில் என் மனைவி இரண்டு தரம் காபி கொடுத்து, ஒரு தரம் 'அந்தப் பொண்ணை விடுங்க' என்றும் சொன்னாள்.

முதலில் படம். மார்ச் 30-க்கும் 31-க்கும் நடுவில் செங்குத்தாகப் புள்ளிக்கோடு. வியூஸ் கோட்டை அந்த இடத்தில் வெட்டினோம். இரண்டு துண்டுக்கும் வேறு வேறு நிறம். மென்பொருள் தானாகவே புள்ளிகளை இணைத்துவிடும் என்பதால், எக்செல்லில் பழைய விதிக்கு ஒரு பத்தி, புது விதிக்கு இன்னொரு பத்தி என்று பிரித்தோம். ஒவ்வொரு வரியிலும் 'விதி' என்று ஒரு கட்டம் வைத்து 'பழையது', 'புதியது' என்று எழுதிவிட்டால், நாளைக்கு வேறொருவர் அந்தக் கோப்பை எடுத்துப் புதிதாக கிராஃப் போட்டாலும் தகவல் கூடவே போகும். படத்தில் மட்டும் எழுதினால் படத்தோடு போய்விடும்.

யூட்யூப் தன் தேதியை அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரப்படிதான் மாற்றுகிறது. நம் ஊரில் மதியம் பன்னிரண்டரைக்கு, குளிர்காலத்தில் ஒன்றரைக்கு, அவர்களுக்கு நள்ளிரவு. கடையின் நோட்டோடு தேதிக்குத் தேதி ஒப்பிடும்போது அரை நாள் முன்னே பின்னே இருக்கும் என்று அதையும் ஓரத்தில் எழுதினோம்.

அப்புறம் குறிப்பு. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவது போடாததற்குச் சமம். கோட்டுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். முதலில் அவள் எழுதியது: 'யூட்யூப் மாற்றம் காரணமாக எண்கள் மாறுபடலாம்.' அடித்துவிட்டேன். சர்க்கார் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது. படிக்கிறவருக்கு எதுவும் தெரியாது. கடைசியில் நின்றது இது:

'2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் வியூஸ் எண்ணும் விதி மாறியது. முன்பு: சில விநாடிகள் பார்த்தால் 1. இப்போது: ஓடத் தொடங்கினாலே 1. இதனால் வியூஸ் கூடுதலாகத் தெரியும். இந்தச் சேனலில் ஏப்ரல் மாதம் பழைய விதிப்படி 1,80,000, புது விதிப்படி 4,60,000. கோட்டுக்கு இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட வேண்டாம். ஒப்பிடுவதற்குக் கீழே உள்ள என்கேஜ்டு வியூஸ் வரிசையைப் பார்க்கவும். குறிப்பு எழுதிய நாள்: 2025 ஜூன்.'

எந்த நாள், முன்பு என்ன, இப்போது என்ன, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளும், எதை எதோடு ஒப்பிடக் கூடாது என்பவை அதில் இருக்கின்றன. 'எழுதிய நாள்' எதற்கு என்று கேட்டாள். மார்ச்சில் நடந்ததை ஜூனில்தான் கண்டுபிடித்தோம் என்பது தெரிந்தால்தான், நடுவில் போன ஏப்ரல், மே ரிப்போர்ட்டுகளை நம்பக் கூடாது என்று படிப்பவருக்குப் புரியும். அது கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். அதனால்தான் நிறையப் பேர் அதை எழுதுவதில்லை.

ஏற்ற இறக்கச் சதவீதம் வருகிற கட்டத்தில் 113-ஐ எடுத்துவிட்டு 'ஒப்பிட முடியாது' என்று எழுதினோம். காலியாக விட்டிருந்தால் அடுத்த ஆள் உபகாரம் செய்வதாக நினைத்து நிரப்பிவிடுவார். இன்னொன்று, 'போன வருஷம் இதே மாதம்' என்று ஒரு கணக்கு எல்லா ரிப்போர்ட்டிலும் உண்டு. அதில் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை பன்னிரண்டு மாதமும் ஒரு பக்கம் புது விதி, மறுபக்கம் பழைய விதி. 2026 ஏப்ரலில்தான் இரண்டு பக்கமும் ஒன்றாகும். ஆகவே குறிப்பு ஒரு வருஷம் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு மாதம் போட்டுவிட்டு 'சொல்லியாச்சே' என்று எடுத்துவிட்டால் தீபாவளி மாத ரிப்போர்ட்டில் மறுபடி பச்சை அம்பு முளைக்கும்.

கடைசியாக ஒரு நோட்டு. சாதாரண நாற்பது பக்க நோட்டு. யூட்யூப் விதி மாறிய தேதி, கேமராக்காரர் மாறிய தேதி, ஆடித் தள்ளுபடி, மழையில் கடை மூடிய நாள் எல்லாம் அதில் ஒரே வரிசையில். கிராஃப் எங்காவது துள்ளினால் முதலில் நோட்டைப் பார், அப்புறம் ஆளைப் பார் என்றேன்.

திங்கட்கிழமை அந்தத் திருத்திய ரிப்போர்ட்டை அவள் அனுப்பினாள். தன் மேலதிகாரி வேண்டாம் என்று சொல்லியும், 'போன இரண்டு ரிப்போர்ட்டில் நான் செய்த தப்பு' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். ஜவுளிக்கடை முதலாளி போன் செய்திருக்கிறார்.

"ஏம்மா, நல்லா ஏறிக்கிட்டு இருந்த கோட்டை நடுவுல வெட்டிட்டியே?"

இவள் பொறுமையாகப் பஸ் உதாரணத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் துணி அளந்தே வளர்ந்தவர். "அதாவது, மீட்டர்க் கோலை மாத்திட்டான், துணி அதேதான்ங்கறே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னது.

புதியவருக்குச் சம்பள உயர்வை தீபாவளி வரை பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார். அது நியாயம். பழைய பையனுக்குப் போன் செய்தார். அவர் திருமுல்லைவாயலில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் சேர்ந்துவிட்டிருந்தார். திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம். தெரிந்த கடைக்காரர்களிடம் முன்பு சொன்னதை முதலாளி திருத்திச் சொன்னாரா என்று கேட்டேன். அது தெரியாது என்றாள்.

போன வாரம் அவள் லிஃப்ட்டில் பார்த்தாள். "அங்கிள், நம்ம கோடு இன்னும் ரிப்போர்ட்ல இருக்கு. எதுக்கு இந்தக் கோடுன்னு புதுசா வந்த பையன் கேட்டான். அழிக்கப் போனான், கையைப் பிடிச்சுட்டேன்" என்றாள்.

எனக்கு அந்த மெஷின்காரர் ஞாபகம் வந்தது. அவர் மெமோ வாங்கிய திங்கட்கிழமை சார்ட்டில் கோடு இல்லை. புதன்கிழமைதான் போட்டேன், திங்கட்கிழமை இடத்தில்.